3 நாளில் எடுத்த பிஓடி, 5 நாள் என்று எழுதிய ஆய்வேடு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வேட்டின் செய்முறை அத்தியாயத்தில், நீரின் மாசைக் காட்டும் ஆக்ஸிஜன் தேவை அளவான பிஓடி பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. "பிஓடி, துறையின் செய்முறைக் கையேட்டில் உள்ளபடி, சிறு மாற்றங்களுடன், 5 நாள் 20° செல்சியஸ் முறையில் அளக்கப்பட்டது." அடுத்த அத்தியாயத்தின் அட்டவணையில் விடை, 24 மி.கி./லி. அதன் பக்கத்திலேயே வரம்பு 30, "வரம்புக்குள் உள்ளது" என்று ஒரு குறிப்பு.

மாணவி முதுகலைச் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. எடுத்துக்கொண்ட தண்ணீர், ஒரு கல்லூரி விடுதியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வந்து ஓடையில் சேரும் நீர். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. வரைவைப் படிக்கும் வேலை எனக்கு வந்தது. நான் இப்படிப் படிக்கும்போது அப்சர்வேஷன் நோட்டையும் கூடவே வாங்கி வைத்துக்கொள்வேன், ஏனென்றால் ரெக்கார்டு நோட்டில் இருப்பது பெரும்பாலும் கையேட்டை இறந்தகாலத்தில் திருப்பி எழுதியதுதான், சில பேர் சோதனை தொடங்கும் முன்பே அதை எழுதி முடித்துவிடுவார்கள். நடந்தது என்ன என்பது அப்சர்வேஷன் நோட்டில், மேசையிலிருந்து சிந்திய நீரின் கறையோடு இருக்கும்.

அந்த நோட்டில் இருந்தவை இவை. செவ்வாய் காலை 11.30-க்கு பாட்டில்கள் இன்குபேட்டரில் வைக்கப்பட்டன. பக்கத்தில் அன்றே எழுதிய குறிப்பு, "வெள்ளி எடுக்கணும், ஞாயிறு லேப் பூட்டு." வெள்ளி காலை 10.30-க்கு வெளியே எடுத்து டைட்ரேஷன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், "புளூ திரும்ப வருது." கரைசல்கள் தயாரித்த பக்கத்தில் கார அயோடைடுக்கு எதிரே, "அசைடு இல்லை, ஸ்டாக் தீர்ந்தது. சோடியம் அயோடைடுக்குப் பதில் பொட்டாசியம் அயோடைடு 150 கிராம்."

மூன்று விலகல், நோட்டில் மூன்றுமே இருக்கிறது, ஆய்வேட்டில் ஒன்றுகூட இல்லை. "சிறு மாற்றங்களுடன்" என்பதற்குள் எல்லாவற்றையும் போட்டு மூடியாயிற்று. மாணவி பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து எழுதவில்லை என்பதும் நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது, மறைக்க நினைப்பவர் "புளூ திரும்ப வருது" என்று எழுதிவைக்க மாட்டார். முந்தைய வருட ஆய்வேடுகளில் இப்படித்தான் எழுதியிருந்தது, அதனால் இவரும் எழுதினார். சரி, மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல.

எளிதான ஒன்றை முதலில் முடித்துவிடலாம். கார அயோடைடு கரைசலுக்கு வழக்கமான செய்முறை ஒரு லிட்டருக்கு 500 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 135 கிராம் சோடியம் அயோடைடு. அதே செய்முறையே "அல்லது 150 கிராம் பொட்டாசியம் அயோடைடு" என்றும் சொல்கிறது. 135-ஐ 149.9-ஆலும் 150-ஐ 166-ஆலும் வகுத்தால் இரண்டும் ஏறக்குறைய 0.90 மோல். வினைக்கு வேண்டியது அயோடைடு அயனி, அதோடு வருவது சோடியமா பொட்டாசியமா என்பது இங்கே பொருட்டில்லை. ஆக இது விலகலே இல்லை, அனுமதிக்கப்பட்ட மாற்று. இதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒரு வாக்கியம் வேண்டாம், ஆனால் கரைசல் பட்டியலில் எந்த உப்பு, எத்தனை கிராம் என்று உள்ளதை எழுதவேண்டும். கையேட்டில் சோடியம் அயோடைடு என்று இருப்பதால் நாமும் அதையே எழுதிவிடுவது மட்டும் கூடாது. மாணவி 135 கிராம் பொட்டாசியம் அயோடைடு எடுத்திருந்தால் கதை கொஞ்சம் வேறு, அயோடைடு மிகையாகவே இருப்பதால் அப்போதும் விடை பெரிதாக மாறாது, ஆனால் எழுதாவிட்டால் அதை யாரும் சரிபார்க்கக்கூட முடியாது.

அடுத்தது நேரம். இங்கே கொஞ்சம் நின்று போகவேண்டும்.

பிஓடி என்பது நீரிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்கின்றன என்ற அளவு. முழுவதும் தின்று முடிக்க வாரக்கணக்கில் ஆகும், அதனால் ஏதோ ஒரு நாளில் நிறுத்தி அளக்கிறோம். அந்த நாள் இயற்கை சொன்னது இல்லை, மனிதர்கள் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் கழிவுநீர் அகற்றல் பற்றிய ராயல் கமிஷன் 1912-இல் தன் எட்டாவது அறிக்கையில் 65° ஃபாரன்ஹீட்டில் 5 நாள் என்று வைத்தது, பிறகு அது 20° செல்சியஸ் ஆயிற்று. அந்த நாட்டு ஆறுகள் கடலில் சேர 5 நாளுக்கு மேல் ஆகாது என்பதால்தான் 5 என்று ஒரு கதையும் சொல்வார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு 20 டிகிரியைப் பிடித்து வைப்பது தொல்லை, எனவே இந்தியத் தர நிர்ணய முறையில் 27 டிகிரியில் 3 நாள் என்று இருக்கிறது, வெளியேற்ற வரம்பும் அதற்கேற்பத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் பொதுத் தரத்தில் உள்நாட்டு நீர்நிலைக்கு 30 மி.கி./லி. என்பது "3 நாள், 27° செ." பிஓடி.

இப்போது மாணவியிடம் ஏன் வெள்ளிக்கிழமை எடுத்தாய் என்று கேட்டேன்.

"ஞாயிறு லேப் திறக்க மாட்டாங்க மேடம். லேப் அண்ணா, இந்தியாவுல 3 நாள்தான் முறை, எடுத்துக்கலாம்னு சொன்னாங்க."

"இன்குபேட்டர் எத்தனை டிகிரி?"

"20 மேடம். கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

நாள் ஒரு முறையிலிருந்து, வெப்பநிலை இன்னொரு முறையிலிருந்து. இரண்டு முறைகளும் தனித்தனியே சரி, இரண்டிலும் பாதிப் பாதி எடுத்ததில் எந்த வரம்போடும் ஒப்பிட முடியாத ஓர் எண் வந்திருக்கிறது. 27 டிகிரியில் 3 நாள் ஏன் 20 டிகிரியில் 5 நாளுக்கு ஓரளவு ஈடாகிறது என்றால் சூட்டில் வினை வேகமாகிறது என்பதால்தான், சூடு இல்லாமல் நாளை மட்டும் குறைத்தால் ஈடு செய்ய ஒன்றுமில்லை. எவ்வளவு குறையும் என்பதை வழக்கமான முதல்படிச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம்:

```
BOD(t) = L × (1 − e^(−k·t))
k(27) = k(20) × 1.047^7
```

L என்பது மொத்தத் தேவை, k என்பது வேகம். வீட்டுக் கழிவுநீருக்குப் பாடப்புத்தகங்கள் கொடுக்கும் k, 20 டிகிரியில் நாளுக்கு 0.23. அதை வைத்தால் 5 நாள் 20 டிகிரியில் மொத்தத்தில் 68 சதவீதம் வெளிவரும், 3 நாள் 27 டிகிரியில் 61 சதவீதம், 3 நாள் 20 டிகிரியில் 50 சதவீதம்தான். அப்படியானால் மாணவியின் 24, சட்டம் கேட்கும் முறையில் ஏறக்குறைய 29.6 ஆகியிருக்கும், கையேட்டின் முறையில் 32.9. வரம்பு 30. "வரம்புக்குள் உள்ளது" என்ற குறிப்பின் கீழே தரை ஆடுகிறது.

உடனே மாணவிக்கு வந்த யோசனை, "அப்ப 1.23-ஆல பெருக்கி 29.6-ன்னு போட்டுடலாமா மேடம்?" கூடாது. k இந்த நீருக்கு 0.23 என்று யாரும் அளக்கவில்லை. சுத்திகரித்து வெளிவரும் நீரில் எளிதில் சிதைவது முன்பே போய்விடும், மிஞ்சுவது மெதுவாகத்தான் சிதையும், அப்போது k 0.10 வரைகூட இருக்கலாம், அதை வைத்தால் விடை 31.4. 0.35 வைத்தால் 28.2. ஆக நாம் தேர்ந்தெடுக்கும் k-வைப் பொறுத்து அதே நீர் வரம்பைத் தாண்டும் அல்லது தாண்டாது. இப்படிப்பட்ட கணக்கை விவாத அத்தியாயத்தில், "28 முதல் 31 வரை இருந்திருக்கக்கூடும்" என்று அனுமானங்களோடு எழுதலாம். அட்டவணையில் அளந்ததாகப் போட முடியாது. அட்டவணையில் 24 அப்படியே இருக்கவேண்டும், தலைப்பு மட்டும் "பிஓடி (3 நாள், 20° செ.)" என்று மாறவேண்டும், வரம்புக்கான நிரல் அந்த வரியில் காலியாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, அசைடு. என் பார்வையில் இதுதான் மூன்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் நேரத்தின் விளைவைத் தோராயமாகவாவது கணக்கிடலாம், இதைக் கணக்கிட முடியாது.

விங்க்ளர் முறையில் நடப்பது சுருக்கமாக இது. மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்ததும் நீரில் கரைந்த ஆக்ஸிஜன் மாங்கனீசைப் பிடித்துக்கொண்டு பழுப்பு வீழ்படிவாகும். கந்தக அமிலம் ஊற்றினால் அந்த மாங்கனீசு அயோடைடை அயோடினாக மாற்றும், அயோடினை ஸ்டார்ச் வைத்து தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்கிறோம். அயோடின் எவ்வளவோ அவ்வளவு ஆக்ஸிஜன் என்று எடுத்துக்கொள்கிறோம். நீரில் நைட்ரைட் இருந்தால், அமிலத்தில் அதுவும் அயோடைடை அயோடினாக்கும், அது ஆக்ஸிஜன் கணக்கில் சேர்ந்துவிடும். அதோடு நிற்காது: நைட்ரைட்டிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மறுபடி நைட்ரைட் தரும், அது மறுபடி அயோடின் தரும். அதனால்தான் நீலம் மறைந்து கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. பியூரெட்டை மூடிவிட்டு குடுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், நிறமற்ற கரைசலில் முதலில் லேசான ஊதா நிழல் மாதிரி ஒன்று தோன்றி, அப்புறம் நீலம் நன்றாகவே ஏறும். பயிற்சி இல்லாதவர் இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு என்று விட்டுக்கொண்டே போவார். சோடியம் அசைடு இருந்தால் அமிலம் சேர்க்கும்போது நைட்ரைட்டைச் சிதைத்து நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேற்றிவிடும், இந்தத் தொல்லையே இருக்காது.

நைட்ரைட் அதிகம் வருவது எங்கே என்றால் உயிரியல் முறையில் சுத்திகரித்த கழிவுநீரில், அப்புறம் இன்குபேட்டரில் இருந்த பிஓடி பாட்டில்களில். இந்த மாதிரி இரண்டுமே. முதல் நாள் பாட்டிலில் நைட்ரைட் கொஞ்சம் இருந்து, மூன்றாம் நாளுக்குள் அமோனியாவிலிருந்து இன்னும் உருவாகி அதிகமாகியிருந்தால், இறுதி ஆக்ஸிஜன் அளவு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பிஓடி என்பது முதல் அளவில் இறுதி அளவைக் கழித்தது, எனவே பிஓடி குறைந்து தெரியும். நேரக் குறைப்பும் பிஓடியைக் குறைக்கிறது, அசைடு இல்லாததும் குறைக்கிறது. இரண்டு விலகலும் ஒரே பக்கம் தள்ளுகின்றன, அதுவும் ஆய்வேடு விரும்பும் பக்கம்.

எவ்வளவு தள்ளும்? காற்றுச் சுழற்சியை விட்டுவிட்டு நேர் வினையை மட்டும் எடுத்தால், நைட்ரைட்-நைட்ரஜன் 1 மி.கி./லி. இருந்தால் 0.57 மி.கி./லி. ஆக்ஸிஜன் போலத் தெரியும். இங்கே மாதிரி 30 மி.லி. எடுத்து 300 மி.லி. பாட்டிலில் பத்து மடங்கு நீர்த்தது. முதல் அளவு 8.0, இறுதி 5.6, வித்தியாசம் 2.4, பத்தால் பெருக்க 24. இறுதி பாட்டிலில் 0.3 மட்டுமே பொய்யாகக் கூடியிருந்தாலும் உண்மையான வித்தியாசம் 2.7, பிஓடி 27. நீர்த்தலின் மடங்கு பிழையையும் பெருக்கிவிடுகிறது. ஆனால் அந்தப் பாட்டிலில் நைட்ரைட் எவ்வளவு இருந்தது என்று அளக்கவில்லை, பாட்டில்கள் கழுவியாயிற்று. "புளூ திரும்ப வருது" என்ற அந்தப் பென்சில் வரி மட்டும்தான் சாட்சி. அது இல்லாவிட்டால் இந்தப் பிரச்சினையே யாருக்கும் தெரிந்திருக்காது, அந்த வகையில் ஆய்வேட்டிலேயே மதிப்புள்ள வரி அதுதான் என்பேன்.

அசைடு ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அது கடும் நஞ்சு, அமிலத்தோடு சேர்ந்தால் நஞ்சான ஆவி தரும், செப்பு அல்லது ஈயக் குழாய்களில் தொடர்ந்து கொட்டினால் வெடிக்கக்கூடிய உப்புகள் படியும். அதனால் பல துறைகளில் வாங்கத் தயங்குவார்கள், தீர்ந்தால் அடுத்த வருடம்தான் வரும். இது நியாயமான காரணம். நியாயமான காரணம் இருக்கும்போது மறைக்கத் தேவையே இல்லை, "இருப்பில் இல்லை" என்று இரண்டு சொல்லில் எழுதினால் தேர்வாளர் யாரும் அதற்காக மதிப்பெண் குறைப்பதை நான் பார்த்ததில்லை. மறைத்தது வெளியே வந்தால்தான் குறைப்பார்கள்.

இனி எழுதுவது எப்படி என்பதற்கு வருவோம். மாணவியும் நானும் உட்கார்ந்து திருத்திய பத்தி இது, ஏறக்குறைய இப்படியே ஆய்வேட்டில் போனது:

"பிஓடி, துறையின் செய்முறைக் கையேட்டில் உள்ள விங்க்ளர் அசைடு முறையை ஒட்டி அளக்கப்பட்டது, இரண்டு விலகல்கள் தவிர. கார அயோடைடு கரைசல் (லிட்டருக்கு 500 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 150 கிராம் பொட்டாசியம் அயோடைடு) சோடியம் அசைடு சேர்க்காமல் தயாரிக்கப்பட்டது, வேதிப்பொருள் இருப்பில் இல்லாததால். 30 மி.லி. மாதிரி, காற்றூட்டிய நீர்ப்பு நீரால் 300 மி.லி. பிஓடி பாட்டிலில் நிரப்பப்பட்டு, 20° செ. என அமைத்த இன்குபேட்டரில் (உள்ளே நீர் நிரப்பிய பாட்டிலில் வைத்த தெர்மாமீட்டரில் 21°) 71 மணி நேரம் இருட்டில் வைக்கப்பட்டது. கையேடு குறிப்பிடுவது 5 நாள். 5-ஆம் நாள் ஆய்வகம் மூடியிருக்கும் என்பதால் 3 நாளில் எடுப்பது எனத் தொடங்கிய அன்றே முடிவு செய்யப்பட்டது. இறுதி டைட்ரேஷனில் நீல நிறம் மறைந்த பின் திரும்பத் தோன்றியது, முதல் முறை மறைந்த அளவே எடுத்துக்கொள்ளப்பட்டது."

இதில் சில விஷயங்களை நான் வேண்டுமென்றே வலியுறுத்தினேன். விலகல்கள் அத்தியாயத்தின் கடைசியில் "குறைபாடுகள்" என்ற தனித் தலைப்பில் இல்லை, அந்தந்தப் படி வரும் இடத்திலேயே இருக்கின்றன. திரும்பச் செய்து பார்க்க விரும்புபவர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே போவார், அசைடு போடவேண்டாம் என்பது அவருக்குக் கரைசல் தயாரிக்கும்போதே தெரியவேண்டும். கையேடு சொன்னதும் செய்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, "நேரம் குறைக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் எதிலிருந்து எதற்கு என்று தெரியாது. 71 மணி நேரம் என்பது நோட்டில் இருந்த கடிகார நேரத்திலிருந்து வந்தது, அதை "3 நாள்" என்று முழுமையாக்கித் தப்பிக்கவில்லை. இன்குபேட்டரின் முகப்பில் 20 என்று காட்டினாலும் உள்ளே இருந்த தெர்மாமீட்டர் 21 காட்டியது, அமைத்தது வேறு, அளந்தது வேறு, இரண்டும் எழுதியாயிற்று.

முடிவு எப்போது எடுக்கப்பட்டது என்ற வாக்கியத்தைச் சிலர் தேவையற்றதாக நினைக்கலாம். எனக்கு அது முக்கியம். செவ்வாயன்றே "வெள்ளி எடுக்கணும்" என்று எழுதியிருப்பதால் விடையைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உறுதி. வெள்ளியன்று டைட்ரேட் செய்து பார்த்துவிட்டு, இன்னொரு பாட்டிலைத் திங்களன்று எடுத்து, இரண்டில் சின்ன எண்ணை மட்டும் போட்டிருந்தால் அது விலகல் இல்லை, வேறு விஷயம், அதற்கு இந்தப் பத்தி போதாது.

என்ன விளைவு என்பதைச் செய்முறை அத்தியாயத்தில் எழுதச் சொல்லவில்லை. அங்கே என்ன செய்தோம், ஏன், என்ன கண்டோம், அவ்வளவுதான். எந்தப் பக்கம் பிழை தள்ளும், எவ்வளவு தள்ளும் என்பதை விவாதத்தில் எழுதினார்: இரண்டு விலகலும் பிஓடியைக் குறைத்துக் காட்டும், நேரத்தின் பங்கு k-வைப் பொறுத்து இவ்வளவு, நைட்ரைட்டின் பங்கு தெரியவில்லை, எனவே இந்த மதிப்பை 30-உடன் ஒப்பிடவில்லை. "தெரியவில்லை" என்று எழுத மாணவி கொஞ்சம் தயங்கினார். அளக்காததைத் தெரியவில்லை என்பதைத் தவிர வேறு எப்படி எழுதுவது?

எல்லா மாற்றத்தையும் எழுதவேண்டுமா என்று கேட்டார், நல்ல கேள்விதான். காந்தக் கலக்கி இல்லாமல் கண்ணாடிக் கம்பியால் கலக்கியதையோ, பியூரெட் வேறு கம்பெனியுடையது என்பதையோ எழுதி நிரப்பினால் முக்கியமானது கூட்டத்தில் தொலைந்துபோகும், வேண்டுமென்றே அப்படித் தொலைப்பவர்களும் உண்டு. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். இன்னொருவர் கையேட்டைப் பார்த்துச் செய்தால் அவருக்கு வேறு எண் வர இந்த மாற்றம் காரணமாகக்கூடுமா? கூடும் என்றாலும், தெரியாது என்றாலும் எழுது. நிச்சயமாக இல்லை என்றால், பயன்படுத்திய பொருளின் சரியான பெயரை எழுதிவிட்டு நகரு. "தெரியாது" என்ற பகுதியில்தான் எல்லாரும் வழுக்குவார்கள், தெரியாததைச் "சிறு மாற்றம்" என்று தாமாகவே தரம் பிரித்துவிடுவார்கள். அசைடு சிறு மாற்றமா இல்லையா என்பது நைட்ரைட்டைப் பொறுத்தது, மாணவியின் கருத்தைப் பொறுத்தது அல்ல.

சமர்ப்பிக்கும் முன் நேரம் இருந்ததால் மறுபடி செய்யலாம் என்று முடிவெடுத்தோம். பக்கத்துத் துறையில் அசைடு கொஞ்சம் கிடைத்தது. இன்குபேட்டரை 27-க்கு மாற்றி, புது மாதிரி எடுத்து, அதே மாதிரியை இரண்டு வரிசையாக வைத்தார்: ஒன்று அசைடோடு, ஒன்று இல்லாமல். இரட்டைப் பாட்டில்களின் சராசரியாக, முதல் அளவு இரண்டிலும் 8.1. மூன்றாம் நாள், அசைடோடு 4.8, இல்லாமல் 5.1. பிஓடி 33, 30. அசைடு இல்லாத வரிசையில் நீலம் திரும்ப வந்தது, அசைடு வரிசையில் நீலம் மறைந்தது மறைந்ததுதான்.

இந்த இடத்தில் இன்னொரு சபலம் வரும், மாணவிக்கும் வந்தது. புது மதிப்பு 33 கிடைத்துவிட்டது, பழைய 24-ஐ எடுத்துவிட்டு இதை மட்டும் போட்டால் செய்முறை அத்தியாயமும் சுத்தமாகிவிடும் அல்லவா? ஆனால் இவை இரண்டு வேறு தேதிகளின் நீர். விடுதியில் எத்தனை பேர் இருந்தார்கள், சுத்திகரிப்புத் தொட்டியில் காற்றூட்டி ஓடியதா என்பதைப் பொறுத்து வெளிவரும் நீர் நாளுக்கு நாள் மாறும். 33 என்பது 24-ஐத் திருத்தவில்லை, 33 அந்த நாளின் நீரைப் பற்றி மட்டும் சொல்கிறது. புதிய சோதனை பழையதைப் பற்றிச் சொல்லும் ஒரே விஷயம், இந்த நிலையத்தின் நீரில் அசைடை விட்டால் பிஓடி 3 அளவுக்குக் குறைந்து தெரியக்கூடும் என்பது. எனவே இரண்டு மதிப்புகளும் அட்டவணையில் இருந்தன, இரண்டு வரிகளாக, நாளும் வெப்பநிலையும் அசைடு உண்டா இல்லையா என்பதும் ஒவ்வொன்றின் எதிரிலும். 30 என்ற வரம்போடு ஒப்பிட்டது இரண்டாவது வரியின் 33-ஐ மட்டும். "வரம்புக்குள் உள்ளது" என்ற பழைய குறிப்பு போய், "ஒரு மாதிரியில் வரம்பைத் தாண்டியது" என்று ஆயிற்று. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பும் கொஞ்சம் மாறவேண்டியிருந்தது, அதில் "திறன்மிக்க சுத்திகரிப்பு" என்று ஒரு சொற்றொடர் இருந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அசைடைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, பத்தியிலேயே பதில் இருந்ததால் கேட்க ஒன்றுமில்லை. அவர் கேட்டது வேறு. நைட்ரைட் உருவாகிறது என்றால் பாட்டிலுக்குள் நைட்ரஜனேற்றம் நடக்கிறது, அந்த நுண்ணுயிர்களும் ஆக்ஸிஜனைத் தின்னும், அப்படியானால் 33-இல் எவ்வளவு கரிமப் பொருளுக்கு, எவ்வளவு அமோனியாவுக்கு? அல்லைல்தயோயூரியா போன்ற தடுப்பி சேர்த்தீர்களா? சேர்க்கவில்லை, கையேட்டிலும் அது இல்லை. கையேட்டில் இல்லாததால் அது விலகல் ஆகாது, ஆனாலும் திருத்தப்பட்ட பிரதியில் செய்முறைப் பத்தியின் கடைசியில் ஒரு வரி கூடியது: "நைட்ரஜனேற்றத் தடுப்பி சேர்க்கப்படவில்லை."